சின்ன வாக்கியங்களில் ஒரு காதல் கடிதம்

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்கள்தான் முதலிடம். 2023-24 குளிர்காலப் பருவத்திலேயே அவர்கள் எண்ணிக்கை 49,000-ஐத் தாண்டியிருந்தது. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கணிசம். பெரும்பாலோர் பொறியியல் அல்லது கணினி அறிவியலில் முதுகலை படிக்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஜெர்மன் மொழி கடைக்கும் பேருந்துக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் போதும் என்ற அளவில் நின்றுவிடும். அப்படி ஒரு மாணவருக்கு ஜெர்மன் பேசும் ஒரு பெண்ணோடு காதல் வந்தால், இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இருவருக்குமே அது வீட்டு மொழி இல்லை.

இந்த நிலையில்தான் பிப்ரவரி 14-க்கு அவளுடைய மொழியில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஆசை வருகிறது. ஆசை நல்லது. ஆனால் கையில் இருப்பது ஏ2 அளவு ஜெர்மன். கோதே இன்ஸ்டிடியூட்டின் பட்டியல்படி அந்த நிலைக்கு உரிய சொற்கள் சுமார் 1,300. அந்தத் தேர்வில் எழுதச் சொல்வதில் பெரியதே 30, 40 சொல்லில் ஒரு மின்னஞ்சல்தான். இவ்வளவை வைத்துக்கொண்டு மனதில் உள்ளதைச் சொல்ல முடியுமா? முடியும். அதிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு, அவரே அறியாத ஒரு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் கடிதம் தடுமாறுகிறது.

ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். பெயர் குமார் என்றும், அவர் காதலிக்கும் பெண் லேனா என்றும் வைத்துக்கொள்வோம். அவர் ஆஹன் நகரத்தில் படிக்கிறார். வந்து முதல் குளிர்காலம். லேனா அதே ஊரில் இன்னொரு துறையில் படிக்கிறாள். பிப்ரவரி என்பது அங்கே வகுப்புகள் முடிந்து தேர்வுகள் நடக்கும் காலம். ஒரு ராத்திரி உட்கார்ந்து குமார் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

முதல் வரைவில் என்ன நடக்கிறது

“அன்புள்ள லேனா, எப்படி இருக்கிறாய்? நான் நலம். இன்று காதலர் தினம் என்பதால் உனக்கு எழுதுகிறேன். உலகத்திலேயே நீதான் அழகி. நீ இல்லாவிட்டால் நான் செத்துவிடுவேன். நீ என் வாழ்க்கையில் இருப்பது என் பாக்கியம். அன்பு வணக்கங்களுடன், குமார்.”

இதை ஜெர்மனில் எழுதினால் மூன்று இடத்திலிருந்து எடுத்த துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். தொடக்கமும் முடிவும் தேர்வு விடைத்தாளிலிருந்து வந்தவை. சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு வகுப்பிலோ படித்தவர்களுக்கு “எப்படி இருக்கிறாய், நான் நலம், ஏன் எழுதுகிறேன் என்றால்” என்ற வரிசை கையிலேயே ஊறியிருக்கும். தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு. நேற்று மாலை கூட இருந்த ஒருத்தியிடம் “எப்படி இருக்கிறாய்” என்று கடிதத்தில் கேட்பது விசித்திரம். கடைசியில் வரும் “ஃபீலெ க்ரூஸெ” என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் அலுவலக நண்பருக்கும் எழுதும் முடிவு. காதலியிடம் அது வந்தால் கதவை மெல்லச் சாத்தியது போல் அவள் காதில் விழும்.

நடுவில் இருக்கும் அழகியும் சாவும் நம்முடைய திரைப்பாடல்களிலிருந்து வந்தவை. தமிழில் அவற்றை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. “செத்துடுவேன்டி” என்றால் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றுதான் பொருள். ஜெர்மனில் அதே வாக்கியத்தை எழுதினால், அதைப் பின்னணி இல்லாமல் எழுத்தில் எழுத்தாகப் படிக்கிற வாய்ப்பு அதிகம். நீ போனால் என் உயிருக்கு நீயே பொறுப்பு என்று சொல்வதாக அது ஒலிக்கும். அன்பைச் சொல்ல எழுதிய வரி சுமையாக மாறிவிடும்.

“என் வாழ்க்கையில் நீ இருப்பது” என்ற வரி ஆங்கில வாழ்த்து அட்டையிலிருந்து வந்தது. பிழையில்லாமல் மொழிபெயர்த்தாலும் அதில் லேனாவுக்கு மட்டும் உரியது எதுவும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கடையில் அச்சடித்த அட்டையே அதைச் செய்துவிடும்.

உன்னையும் உனக்கும்

ஜெர்மன் படிக்கும் எல்லோரையும் திணறடிக்கும் இடம் வேற்றுமை. ‘டிஷ்’, ‘டீர்’ என்று இரண்டு சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் ஆங்கிலம் வழியாக யோசிப்பவருக்கு எது எங்கே வரும் என்று மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. காதல் கடிதத்தில் அதிகம் வரும் சொற்களே இவை இரண்டும் என்பதால், அதிகம் பிழை விழுவதும் இங்கேதான்.

தமிழருக்கு இந்தத் திணறல் தேவையில்லை. ‘டிஷ்’ என்றால் உன்னை. ‘டீர்’ என்றால் உனக்கு. நாம் பள்ளியில் படித்த இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும்தான். உன்னைக் காதலிக்கிறேன், ஆகவே ‘இஷ் லீபெ டிஷ்’. உனக்கு எழுதுகிறேன், ஆகவே ‘இஷ் ஷ்ரைபெ டீர்’. உனக்கு உதவுகிறேன், உனக்கு நன்றி சொல்கிறேன் என்ற இரண்டிலும் தமிழில் ‘கு’ வருகிறது. ஜெர்மனிலும் ‘டீர்’ வருகிறது. உன்னோடு என்பதற்கு ‘மிட் டீர்’, உன்னைப் பற்றி அல்லது உன்னிடமிருந்து என்பதற்கு ‘ஃபோன் டீர்’ என்று இரண்டு தொடர்களை மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு கடிதத்துக்குத் தேவையான முக்கால்வாசி வேற்றுமை வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய வசதி ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களில் இருக்கிறது. “எனக்குக் குளிருது” என்கிறோம். “நான் குளிராக இருக்கிறேன்” என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. ஜெர்மனிலும் அப்படித்தான். ‘மீர் இஸ்ட் கால்ட்’. மீர் என்றால் எனக்கு. அதே போல் எனக்குச் சூடாக இருக்கிறது என்றால் ‘மீர் இஸ்ட் ஹைஸ்’. இதை ஆங்கிலம் வழியாக யோசித்து ‘இஷ் பின் ஹைஸ்’, அதாவது நான் சூடாக இருக்கிறேன் என்று எழுதினால் பாலியல் கிளர்ச்சியில் இருக்கிறேன் என்று பொருள் போய்விடும். வெயிலைப் பற்றிச் சொல்ல வந்த வரி காதல் கடிதத்துக்குள் இப்படி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நேராகத் தமிழிலிருந்து போயிருந்தால் இந்தப் பிழை வந்திருக்கவே முடியாது.

பிரிவைச் சொல்லும் வாக்கியம் இன்னும் நெருக்கமானது. ஜெர்மனில் ‘டூ ஃபேல்ஸ்ட் மீர்’ என்பார்கள். நீ எனக்கு இல்லாமல் இருக்கிறாய், உன் குறை எனக்குத் தெரிகிறது என்ற அமைப்பு. எழுவாய் ‘நீ’. அதை அனுபவிக்கிற ‘நான்’ நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். “நீ இல்லாம எனக்கு வெறுச்சோடியிருக்கு” என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது அந்நியமே இல்லை.

இந்த ஒற்றுமைக்கு எல்லை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். “எனக்குப் பசிக்குது” என்பது ஜெர்மனில் ‘எனக்கு’ என்று வராது. ‘இஷ் ஹாபெ ஹுங்கர்’, நான் பசி வைத்திருக்கிறேன் என்ற அமைப்பில் வரும். “எனக்கு உன்னைப் பிடிக்கும்” என்பதற்கு ‘இஷ் மாக் டிஷ்’ என்று ‘நான்’தான் முன்னால் நிற்கும். “உனக்காக” என்பதில் தமிழில் ‘கு’ இருந்தாலும் ஜெர்மனில் ‘ஃப்யூர் டிஷ்’ என்று ‘உன்னை’யின் வடிவம் வரும். “உன்னை நம்புகிறேன்” என்பதில் தமிழில் ‘ஐ’ இருந்தாலும் ஜெர்மனில் ‘இஷ் ஃபெர்ட்ரௌயெ டீர்’ என்று ‘உனக்கு’வின் வடிவம் வரும். காதல் கடிதத்தில் வரக்கூடிய விலக்குகள் பெரும்பாலும் இந்த அளவில் அடங்கிவிடும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டால் போதும்.

தமிழ் கைகொடுக்காத ஒரே பெரிய இடம் வினைச்சொல் நிற்கும் இடம். நமக்கு வினை கடைசியில் வரும். ஜெர்மன் முதன்மை வாக்கியத்தில் அது இரண்டாவது இடத்தில் வந்தே ஆக வேண்டும். ‘இன்று’ என்று தொடங்கினால் அடுத்து வினை, அதன் பிறகுதான் நான். இன்று, எழுதுகிறேன், நான், உனக்கு என்ற வரிசை. ‘இன்று நான் எழுதுகிறேன்’ என்று ஆங்கில வரிசையில் வைப்பதுதான் நம் மாணவர்களின் மிகப் பழகிய பிழை. ‘ஏனென்றால்’ போன்ற சொல்லில் தொடங்கும் துணை வாக்கியத்தில் மட்டும் வினை தமிழைப் போலக் கடைசிக்குப் போய்விடும். ஏ2 நிலையில் இருப்பவர் துணை வாக்கியங்களைத் தவிர்த்து, ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை என்று எழுதினால் வரிசைப் பிழை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை

ஜெர்மனில் அன்பைச் சொல்ல மூன்று படிகள் இருக்கின்றன. ‘இஷ் மாக் டிஷ்’ என்றால் உன்னைப் பிடிக்கும். ‘இஷ் ஹாப் டிஷ் லீப்’ என்றால் உன்மேல் பாசமாக இருக்கிறேன். இது அம்மாவிடமும் தங்கையிடமும் நெருங்கிய தோழியிடமும் சொல்வது. காதலர்களும் சொல்வதுண்டு. ‘இஷ் லீபெ டிஷ்’ என்பதுதான் காதல். அதை ஜெர்மானியர்கள் சட்டென்று சொல்லிவிடுவதில்லை. பழகி மாதங்கள் ஆன பிறகு முதல் முறை சொல்வது பலருக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி.

ஆகவே கடிதம் எழுதும் முன் குமார் தன்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வார்த்தையை இதுவரை நேரில் சொல்லியிருக்கிறோமா? சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதலாம். சொல்லவில்லை என்றால், அதை முதன்முதலாக ஒரு காகிதத்தில் போடுவதா, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். நடுப்படியில் நிற்க விரும்பினால் ‘இஷ் பின் இன் டிஷ் ஃபெர்லீப்ட்’, உன்மேல் காதல் வந்திருக்கிறது என்று சொல்ல ஒரு வாக்கியம் இருக்கிறது.

செல்லப் பெயர்களிலும் ஒரு கணக்கு உண்டு. ‘ஷாட்ஸ்’ என்றால் புதையல். நம்முடைய ‘செல்லம்’ இருக்கும் இடத்தில் அது இருக்கிறது. அந்தச் சொல் இலக்கணப்படி ஆண்பால் என்பதால் பெண்ணை அழைத்தாலும் ‘மைன் லீபர் ஷாட்ஸ்’ என்றுதான் எழுத வேண்டும். எலி, முயல், சிட்டுக்குருவி என்று பிராணிகளின் பெயரால் அழைப்பதும் அங்கே சாதாரணம். ஆனால் இருவருக்கும் இடையில் தானாக முளைக்காத செல்லப் பெயரைக் கடிதத்துக்காகத் தேடி எடுத்து வைத்தால் அது ஒட்டாது. லேனா என்ற பெயரே போதும்.

காதலர் தினத்தின் எடையையும் தெரிந்துகொள்வது நல்லது. மேற்கு ஜெர்மனியில் இந்த வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைவீரர்கள் மூலம் பரவியது. 1950-ல் நூரன்பெர்கில் நடந்த ஒரு காதலர் தின நடன விழாவை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். பின்னர் பூ வியாபாரிகள் அதை வளர்த்தார்கள். இன்றும் அதை வெறும் கடைக்காரர்களின் பண்டிகை என்று ஒதுக்குபவர்கள் அங்கே நிறைய. அப்படி நினைக்கும் பெண்ணுக்கும் கையால் எழுதிய கடிதம் பிடிக்கும். பெரிய வார்த்தைகளும் சிவப்பு இதயங்களும் நிறைந்த கடிதம் பிடிக்காமல் போகலாம்.

திருத்தி எழுதிய கடிதம்

இப்போது குமார் முதல் வரைவை ஒதுக்கி வைக்கிறார். லேனாவோடு தனக்கு நடந்தவற்றை மட்டும் தமிழில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதிக்கொள்கிறார். பிறகு ஒவ்வொன்றையும் நேராக ஜெர்மனுக்குக் கொண்டுபோகிறார்.

“மைனெ லீபெ லேனா, இம் ஒக்டோபர் வார் மீர் இம்மர் கால்ட்.” என் அன்பு லேனா, அக்டோபரில் எனக்கு எப்போதும் குளிராக இருந்தது. குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. நம் ஊரிலிருந்து போனவர் முதலில் சந்திப்பது அந்தக் குளிரைத்தான். நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல் கடிதம் நேராக நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறது.

“ஆன் டெர் ஹால்டெஷ்டெல்லெ ஹாஸ்ட் டூ மீர் டைனெ ஹான்ட்ஷூஎ கெகேபென். டூ ஹாஸ்ட் நிஷ்ட்ஸ் கெஸாக்ட்.” பேருந்து நிறுத்தத்தில் நீ எனக்கு உன் கையுறைகளைக் கொடுத்தாய். நீ ஒன்றும் சொல்லவில்லை. இறந்த காலத்தைப் பேச்சில் சொல்வது போல் இரண்டு துண்டாகச் சொல்லும் வடிவம் இது. துணைவினை இரண்டாம் இடத்தில், ‘கொடுத்தாய்’ கடைசியில். ஏ1 நிலையிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். ‘வார்’, ‘வார்ஸ்ட்’ தவிரக் கடிதத்துக்கு வேறு இறந்த காலம் தேவையில்லை. நீ நல்லவள், கருணையுள்ளவள் என்று எழுதாமலேயே கையுறை அதைச் சொல்லிவிடுகிறது. ஏ2 ஜெர்மனுக்குப் பண்புப் பெயர்களைவிடப் பொருள்களின் பெயர்கள்தான் தோதானவை.

“ஸைட்டேம் மாக் இஷ் டேன் வின்டர்.” அன்றிலிருந்து எனக்குக் குளிர்காலம் பிடிக்கிறது. ‘அன்றிலிருந்து’ என்று தொடங்கியதால் வினை உடனே வந்துவிட்டது, ‘நான்’ அதற்குப் பின்னால் போய்விட்டது.

“டூ ஷ்ப்ரிஷ்ஸ்ட் லாங்ஸாம் மிட் மீர். இஷ் மாஹெ ஃபேலர், உன்ட் டூ வார்டெஸ்ட்.” நீ என்னோடு மெதுவாகப் பேசுகிறாய். நான் பிழை செய்கிறேன், நீ காத்திருக்கிறாய். நாள் முழுக்க ஒரு புது மொழியில் தடுமாறுகிறவருக்கு, அவசரப்படுத்தாமல் காத்திருக்கும் ஒரு முகம் எவ்வளவு பெரிது என்பதை இந்த இரண்டு வரியும் சொல்கின்றன. லேனாவுக்குத் தான் அப்படிச் செய்வதே தெரிந்திருக்காது. அவளைப் பற்றி அவளுக்கே தெரியாத ஒன்றைச் சொல்வது, உலக அழகி என்பதைவிட உயர்ந்த பாராட்டு.

“ஆன் வைனாக்டென் வார்ஸ்ட் டூ பை டைனென் எல்டெர்ன். டூ ஹாஸ்ட் மீர் கெஃபேல்ட்.” கிறிஸ்துமஸுக்கு நீ உன் பெற்றோரிடம் இருந்தாய். நீ இல்லாதது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் கடைகள் அடைத்திருக்கும், விடுதி காலியாகிவிடும், ஜெர்மன் மாணவர்கள் குடும்பத்தோடு இருப்பார்கள். வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டிலேயே தனிமையான நாட்கள் அவை. அந்தத் தனிமையை விவரிக்கத் தேவையான சொற்கள் குமாரிடம் இல்லை. நாளைக் குறிப்பிட்டு ‘டூ ஹாஸ்ட் மீர் கெஃபேல்ட்’ என்று மட்டும் எழுதினால் மிச்சத்தை அவளே புரிந்துகொள்வாள்.

அடுத்து வருவது கடினமான பத்தி. “மைனெ எல்டெர்ன் விஸ்ஸென் நோஹ் நிஷ்ட்ஸ் ஃபோன் டீர். டாஸ் லீக்ட் நிஷ்ட் ஆன் டீர். இஷ் ஹாபெ ஆங்ஸ்ட். இஷ் வில் எஸ் ஈனென் ஸாகென், ஆபர் இஷ் ப்ராவ்ஹெ ட்ஸைட்.” என் பெற்றோருக்கு இன்னும் உன்னைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குக் காரணம் நீ இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களிடம் சொல்ல விரும்புகிறேன், ஆனால் எனக்குக் கொஞ்சம் காலம் வேண்டும்.

பல தமிழ் மாணவர்களின் காதலில் இந்த மௌனம் இருக்கிறது. வீட்டில் சொல்லாமல் இருப்பது நமக்குப் புரியும். சாதி, மதம், தங்கையின் கல்யாணம், படிப்புக்கு வாங்கிய கடன் எல்லாம் அதற்குள் இருக்கும். இருபது வயது தாண்டியவர் யாரோடு பழகுகிறார் என்பதை வீட்டில் இயல்பாகச் சொல்லி வளர்ந்த பெண்ணுக்கு அது புரிவது கடினம். தன்னை மறைத்து வைக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றும். இதை விளக்கக் குமார் நம் சமூக அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியதில்லை. எழுதவும் முடியாது. ‘காரணம் நீ இல்லை’, ‘எனக்குப் பயம்’ என்ற இரண்டு வாக்கியங்கள் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. நாள் குறித்து வாக்குறுதி கொடுக்காததையும் கவனிக்க வேண்டும். நிறைவேற்ற முடியுமா என்று தெரியாத ஒன்றை எழுத்தில் கொடுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பெற்றோருக்குத் தெரியாது என்பதை லேனா இதற்கு முன் அறிந்திருந்தால் மட்டுமே இந்தப் பத்தி கடிதத்தில் இருக்கலாம். அவள் முதன்முதலாக அதைக் காதலர் தினக் கடிதத்தில் படித்தால் மற்ற எல்லா வரிகளும் அடிபட்டுப் போகும். அந்த நிலையில் இதை எடுத்துவிட்டு, பிறகு நேரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

“நாஹ் டெர் ப்ரூஃபுங் கோஹெ இஷ் ஃப்யூர் டிஷ் சாம்பார்.” தேர்வு முடிந்ததும் உனக்காகச் சாம்பார் வைக்கிறேன். கனமான பத்திக்குப் பிறகு இருவரும் சேர்ந்து எதிர்பார்க்கக்கூடிய ஒரு சின்ன விஷயம். அதன் பிறகு தனி வரியில் “இஷ் லீபெ டிஷ்.” அதற்குக் கீழே “டைன் குமார்.” உன் குமார் என்று பொருள். எழுதுவது பெண்ணாக இருந்தால் ‘டைனெ’ என்று வரும். காதலர் தினம் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றால் ஜெர்மானியர்கள் இயல்பாகச் சொல்லும் ‘ஆல்லெஸ் லீபெ ட்ஸும் ஃபாலென்டீன்ஸ்டாக்’ என்பதைத் தாளின் தலைப்பில் எழுதலாம்.

மொத்தம் ஒரு பக்கம்கூட வராது. எந்த வாக்கியத்திலும் ‘மிக’ இல்லை, ‘உலகத்திலேயே’ இல்லை, துணை வாக்கியம் இல்லை. லேனாவைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கடிதத்தைக் கொடுக்க முடியாது.

கையெழுத்தும் உறையும்

கையால் எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. விளித்த பெயருக்குப் பின் காற்புள்ளி. அடுத்த வரி சின்ன எழுத்தில் தொடங்கும். பெயர்ச்சொற்கள் எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில் தொடங்கும். ‘இஷ்’ என்ற ‘நான்’ ஆங்கிலத்தைப் போல எப்போதும் பெரிய எழுத்து ஆகாது. வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும்தான். ‘டூ’ என்ற ‘நீ’யைக் கடிதத்தில் சின்ன எழுத்திலும் எழுதலாம், பெரிய எழுத்திலும் எழுதலாம். 1996 எழுத்துச் சீர்திருத்தம் சின்ன எழுத்தையே விதித்தது. 2006-ல் வந்த திருத்தம் கடிதங்களில் பெரிய எழுத்தையும் மறுபடி அனுமதித்தது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசி வரை அதையே எழுத வேண்டும்.

உயிரெழுத்தின் மேல் வைக்கும் இரண்டு புள்ளிகளை மறக்கக் கூடாது. ‘நீ அழகு’ என்று எழுத நினைத்துப் புள்ளியை விட்டால் ‘அழகு’ என்பது ‘ஏற்கெனவே’ என்று மாறிவிடும். நீ ஏற்கெனவே என்று ஒரு அரைகுறை வாக்கியம் நிற்கும்.

வேறொருவரிடம் காட்டித் திருத்தலாமா என்ற தயக்கம் வரும். காட்டலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பொருளைக் கெடுக்கும் பிழையை மட்டும் திருத்தித் தரச் சொல்ல வேண்டும். ‘சூடு’, ‘ஏற்கெனவே’ போன்ற பிழைகள் அந்த வகை. ‘என் தோழி’ என்று எழுதினால் காதலி என்று பொருள், ‘என் தோழிகளில் ஒருத்தி’ என்று பொருள்படும்படி எழுதினால் வெறும் சிநேகிதி. இதுவும் அந்த வகைதான். ‘டெர்’, ‘டீ’, ‘டாஸ்’ என்ற பால் சுட்டுகளில் ஒன்றிரண்டு தவறினால் எதுவும் குடிமுழுகிவிடாது. திருத்துபவர் ஆர்வத்தில் நீளமான அழகான வாக்கியங்களைச் சேர்த்துவிட்டால், தினமும் குமாரின் ஜெர்மனைக் கேட்கும் லேனாவுக்கு அது அவர் குரல் இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஊர் என்றால் நேரில் கொடுத்துவிடலாம். லேனா தேர்வுக்குப் படிக்கப் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தால் தபால்தான். 20 கிராமுக்கு உட்பட்ட சாதாரணக் கடிதத்துக்கு 2025 ஜனவரி முதல் 95 சென்ட் தபால்தலை. இரண்டு தாளும் உறையும் அந்த எடைக்குள் வரும். உறை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாகக் கூடாது. சாக்லேட்டோ காய்ந்த பூவோ வைத்துத் தடித்தால் அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். முகவரியில் பெயர், தெருவும் வீட்டு எண்ணும், ஐந்து இலக்க அஞ்சல் எண்ணும் ஊரும் என்று மூன்று வரி. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். அதனால் அந்த வீட்டுப் பெட்டியில் என்ன குடும்பப் பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்படியே எழுத வேண்டும்.

95 சதவீதக் கடிதங்கள் மூன்றாவது வேலை நாளுக்குள் சேர வேண்டும் என்பது இப்போதைய சட்டம். சனிக்கிழமை வேலை நாள் கணக்கில் சேரும், ஞாயிறு சேராது. ஐந்து நாள் முன்னதாகப் பெட்டியில் போட்டுவிட்டால் கவலையில்லை.

போடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்தை வாய்விட்டு ஒரு முறை படிக்க வேண்டும். நாக்கு இடறும் வாக்கியம் எதுவோ, அது குமாருடையது இல்லை, எங்கிருந்தோ வாங்கி வைத்தது. அதை இரண்டாக உடைக்க வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். கடிதம் கிடைத்த அன்று லேனா நேரில் அதைப் பற்றிக் கேட்பாள். பெற்றோர் பத்தியைப் பற்றி நிச்சயம் கேட்பாள். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் அப்போது தன் வாயாலேயே, அதே சொற்களில், குமாரால் திரும்பச் சொல்ல முடிய வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்கூட அந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.